ஸ்விட்ச் பதிவேடு: ஒரு சீரியல் எண்ணுக்குப் பின்னால் எத்தனை தேதி

எங்கள் பொறியியல் கல்லூரி கோவைக்குப் பக்கத்தில் இருக்கிறது. வகுப்புக் கட்டடங்கள், ஆய்வகங்கள், இரண்டு விடுதி, நிர்வாக பிளாக் எல்லாம் சேர்த்து அறுபது சொச்சம் நெட்வொர்க் ஸ்விட்ச். நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்வது நானும் இரண்டு டெக்னீஷியன்களும். நான் வேலைக்குச் சேர்ந்தபோதே ஓர் எக்செல் ஷீட் இருந்தது. ஸ்விட்சின் பெயர், ஐபி முகவரி, எந்தக் கட்டடம், எந்த மாடி. அன்றாட வேலைக்கு அது போதும். எந்த போர்ட் இறங்கியது, எங்கே ஓட வேண்டும் என்று சொல்லிவிடும்.

ஆனால் ஒரு ஸ்விட்ச் அடியோடு செத்துப்போனால் அந்த ஷீட் வாய் திறக்காது. வாரண்டிக்குப் போன் செய்தால் எதிர்முனையில் முதல் கேள்வியே சீரியல் எண்தான். அடுத்தது, எப்போது வாங்கியது. ஸ்டோர்ஸில் கேட்டால் பில் தேதியைச் சொல்வார்கள், கணக்குப் பிரிவில் பணம் கொடுத்த தேதியைச் சொல்வார்கள், சப்ளை செய்தவர் இன்னொரு தேதியைச் சொல்வார். ஆகவே அந்த ஷீட்டைக் கீழிருந்து மறுபடி கட்டினோம். எண்களைச் சேகரித்தது சுலபமான பாதி. தேதிகள்தான் நேரத்தைத் தின்றன.

எண்ணிலிருந்தே தொடங்குகிறேன். மேனேஜ்டு ஸ்விட்ச் என்றால் லேபிளைத் தேடி ராக்குக்குப் பின்னால் கை விட வேண்டியதில்லை, ஸ்விட்சையே கேட்கலாம். எங்களிடம் அதிகம் இருப்பது சிஸ்கோ 2960-எக்ஸ். அதில் இப்படிக் கேட்டால் (கீழே உள்ள எண்கள் எல்லாம் நானே இட்டுக்கட்டியவை):

```
switch# show version | include erial
Motherboard serial number       : FOC19315QJ2
Power supply serial number      : LIT19250VBK
System serial number            : FOC1932X0AB
```

பெரிய எஸ்ஸா சின்ன எஸ்ஸா என்ற தொல்லை இல்லாமல் இருக்கத்தான் `erial` என்று அரைகுறையாகத் தேடுவது. மூன்று எண் வருகிறது பாருங்கள். வாரண்டிக்கும் சர்வீஸ் ஒப்பந்தத்துக்கும் செல்லுபடியாவது கடைசி வரியில் இருக்கும் சிஸ்டம் சீரியல் எண் ஒன்றுதான். முதல் வரியில் உள்ள மதர்போர்டு எண்ணும் பார்க்க அச்சு அசலாக அதே மாதிரி இருப்பதால், அவசரத்தில் அதைக் காப்பி செய்துவிடுவது மிக எளிது. அப்படி ஒரு எண் ஷீட்டில் ஏறிவிட்டால், ஸ்விட்ச் உயிரோடு இருக்கும்வரை யாருக்கும் தெரியாது. செத்த அன்றைக்கு, ‘இந்த எண் எங்கள் கணக்கில் இல்லை’ என்ற பதில் வரும். செத்த ஸ்விட்சிடம் மறுபடி கட்டளை கொடுத்துக் கேட்கவும் முடியாது. `show inventory` என்று கேட்டால் மாடல் குறியீடும் சீரியல் எண்ணும் ஒரே வரியில் `PID`, `SN` என்று வந்துவிடும். ஸ்டாக்காக இணைத்தவை என்றால் ஒவ்வொரு ஸ்விட்சுக்கும் தனி வரி வரும். எங்கள் பழைய ஷீட்டில் ஒரு ஐபி முகவரிக்கு ஒரு வரி என்று இருந்ததால், மூன்று ஸ்விட்ச் அடுக்கிய ஸ்டாக் ஒரே ஸ்விட்சாகக் கணக்கில் நின்றது. புதிய ஷீட்டில் ஒரு சீரியல் எண்ணுக்கு ஒரு வரி. ஐபி, பெயர், இடம் எல்லாம் மாறும், அந்த எண் மாறாது.

கட்டளைக்குப் பதில் சொல்லாத சாதா ஸ்விட்சுகளுக்கு மட்டும் லேபிள்தான் வழி. போனை ராக்குக்குப் பின்னால் நீட்டி வீடியோ எடுத்துவிட்டு, அப்புறம் நிறுத்தி நிறுத்திப் படிக்கலாம். கண்ணால் படித்துத் தட்டச்சு செய்தால் பூஜ்யமும் ஓவும், எட்டும் பியும் குழம்பும். பார்கோடை ஸ்கேன் செய்வது மேல். ஆனால் ஒரே லேபிளில் மேக் முகவரிக்கு ஒரு பார்கோடு, பார்ட் எண்ணுக்கு ஒன்று, சீரியலுக்கு ஒன்று என்று வரிசையாக இருக்கும். ஸ்கேன் செய்தது எது என்று பக்கத்தில் அச்சிட்ட எழுத்தைப் பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டும்.

எக்செல் பற்றி ஒரு வார்த்தை. சில கம்பெனிகளின் சீரியல் எண் முழுக்க இலக்கங்களாகவே இருக்கும். அதை அப்படியே ஒட்டினால் 2.19E+12 என்பது போலக் காட்டும், முன்னால் பூஜ்யம் இருந்தால் விழுங்கிவிடும், பதினைந்து இலக்கத்துக்கு மேல் போனால் மிச்சத்தைப் பூஜ்யமாக்கிவிடும். இந்தக் கடைசி சேதத்தைத் திரும்பப் பெறவே முடியாது. ஒட்டுவதற்கு முன்பே அந்த நெடுவரிசையை டெக்ஸ்ட் என்று மாற்றிவிடுங்கள். தேதியும் இதே கதைதான். 03/07/2024 என்பது ஜூலை மூன்றா மார்ச் ஏழா என்பது அந்தக் கணினியின் அமைப்பைப் பொறுத்தது. நாங்கள் 2024-07-03 என்று ஆண்டு முதலில் வரும்படி எழுதுகிறோம்.

சிஸ்கோவின் சீரியல் எண்ணிலேயே ஒரு தேதி ஒளிந்திருக்கிறது. இது தெரிந்த பிறகு நான் எந்தப் பெட்டியையும் அதைப் பார்க்காமல் வாங்குவதில்லை. FOC1932X0AB என்ற எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் மூன்று எழுத்து, செய்த இடத்தின் குறியீடு. அடுத்த இரண்டு இலக்கம் ஆண்டு, ஆனால் நேரடியாக இல்லை, 1996-ஐக் கூட்ட வேண்டும். 19-உடன் 1996 சேர்ந்தால் 2015. அதற்கடுத்த இரண்டு இலக்கம் வாரம், 32-ஆவது வாரம். அதாவது 2015 ஆகஸ்ட் முதல் பாதியில் செய்தது. மீதி நான்கும் அந்தப் பெட்டிக்கே உரிய எழுத்துகள்.

இது என்னத்துக்கு உதவும்? ஒருமுறை அவசரத்துக்கு நான்கு ஸ்விட்ச் உள்ளூரில் வாங்கினோம். பெட்டி புதிதாகத்தான் இருந்தது, பில்லும் சரி. எண்களைப் பதிந்தபோது இரண்டு மட்டும் பில் தேதிக்கு மூன்று வருடம் முன்னால் செய்தவை என்று தெரிந்தது. கிடங்கில் ஆறேழு மாதம் கிடப்பது சகஜம், மூன்று வருடம் கிடக்காது. சிஸ்கோவின் `cway.cisco.com/sncheck` பக்கத்தில் எண்ணைப் போட்டுப் பார்த்தால், அந்த எண்ணுக்கு ஏற்கெனவே ஓர் ஒப்பந்தம் இருந்து முடிந்திருந்தது. யாரோ சில காலம் ஓட்டிவிட்டு விற்றதைத் துடைத்துப் புதுப் பெட்டியில் போட்டிருக்கிறார்கள். சப்ளை செய்தவரிடம் கேட்டேன். “சார், சரக்கு ஒண்ணுதானுங்க, ஓடுச்சுன்னா போதாதுங்களா?” என்றார். போதாது. சிஸ்கோவின் வாரண்டி, பொருளை முதலில் வாங்கிய பயனருக்கு மட்டும்தான். கை மாறினால் போய்விடும். பணம் கொடுக்கும் முன்பே எண்களைப் பார்த்திருந்ததால் இரண்டையும் திருப்பி அனுப்ப முடிந்தது. அன்றிலிருந்து, சரக்கு வந்தால் ஸ்டோர்ஸ் கையெழுத்துக்கு முன் சீரியல் எண்கள் எங்களிடம் வர வேண்டும் என்று வழக்கமாக்கிவிட்டோம். எண்ணில் உள்ள ஆண்டு, வாரக் கணக்கு, பெட்டியைச் செய்த நாளைத்தான் சொல்லும், விற்ற நாளை அல்ல. ஆகவே அது சந்தேகப்பட மட்டும் உதவும். முடிவு செய்யக் கம்பெனியின் பக்கத்தைத்தான் பார்க்க வேண்டும்.

இனி வாரண்டி. ‘வாரண்டி முடியும் நாள்’ என்று ஒரே ஒரு நெடுவரிசை வைத்தால் போதும் என்றுதான் யாருக்கும் தோன்றும். நம் ஊர்க் கொள்முதலில் குறைந்தது இரண்டு கடிகாரம் ஓடும். டெண்டரில் நாம் எழுதுவது ‘நிறுவிய நாளிலிருந்து ஐந்து ஆண்டு’. அது நமக்கும் சப்ளை செய்தவருக்கும் உள்ள உடன்பாடு. அவரோ நமக்காகக் கம்பெனியிடம் ஐந்து ஆண்டுக்கு ஒரு சப்போர்ட் வாங்கிப் பதிவு செய்வார். அது சரக்கு கிளம்பிய நாளிலிருந்தோ, பதிந்த நாளிலிருந்தோ ஓடத் தொடங்கிவிடும்.

எங்கள் புதிய பிளாக்குக்கு 2019 மார்ச்சில் ஒரு கம்பெனியின் ஸ்விட்சுகள் வந்து இறங்கின. கட்டடத்தில் வயரிங் முடியவில்லை. நிறுவியது ஜூலையில். கம்பெனிக் கணக்கில் ஐந்து ஆண்டு 2024 மார்ச்சில் முடிந்துவிட்டது. டெண்டர்படி 2024 ஜூலை வரை இருக்கிறது. இந்த நான்கு மாத இடைவெளிக்குள், மே மாத வெயிலில், ஏசி இல்லாத ஒரு ராக்கில் இருந்த ஸ்விட்ச் போனது. கம்பெனியைக் கூப்பிட்டால் காலாவதி. சப்ளை செய்தவரைக் கூப்பிட்டால், “கம்பெனி கவர் முடிஞ்சிருச்சுங்களே சார், நாங்க என்னங்க பண்றது?” என்றார். நாங்கள் செய்தது இரண்டே காரியம். பர்ச்சேஸ் ஆர்டரில் ‘நிறுவிய நாளிலிருந்து’ என்று இருந்த வரியையும், அவருடைய ஆளே கையெழுத்துப் போட்ட இன்ஸ்டலேஷன் ரிப்போர்ட்டையும் மெயிலில் இணைத்து அனுப்பினோம். ஒரு வாரத்தில் தன் கையிருப்பிலிருந்து அதே மாடல் ஒன்றைக் கொடுத்துவிட்டார். இன்ஸ்டலேஷன் ரிப்போர்ட் பின்னால் சீரியல் எண் பட்டியல் இல்லாமல் இருந்திருந்தால், ‘அந்த ஸ்விட்ச் இந்த ஆர்டரில் வந்ததுதானா’ என்ற வாக்குவாதத்திலேயே ஜூலை வந்திருக்கும்.

அதனால் எங்கள் ஷீட்டில் வாரண்டிக்கு இரண்டு தேதி: கம்பெனியிடம் முடியும் நாள், சப்ளையரிடம் முடியும் நாள். பக்கத்தில் ‘ஆதாரம்’ என்று ஒரு நெடுவரிசை. அந்தத் தேதி எங்கிருந்து வந்தது என்று அதில் இருக்கும். பில்லா, ரிப்போர்ட்டா, கம்பெனியின் இணையப் பக்கமா, இல்லை யாரோ போனில் சொன்னதா. போனில் சொன்னது என்று எழுதியிருந்தால் அதை நம்பி எதுவும் செய்வதில்லை. ஸ்கேன் செய்த காகிதத்தின் ஃபைல் பெயரும் அங்கேயே இருக்கும்.

மாற்றி வந்த ஸ்விட்சுக்குப் புதிய சீரியல் எண் இருக்கும் அல்லவா? பழைய வரியில் எண்ணை அழித்துப் புதியதை எழுதத்தான் கை போகும். அப்படிச் செய்யாமல் பழைய வரியின் நிலையை ‘மாற்றப்பட்டது’ என்று ஆக்கிவிட்டு, புதிய வரியில் ‘இன்ன எண்ணுக்குப் பதில்’ என்று எழுதுங்கள். வாரண்டி பெரும்பாலும் பழையதன் மிச்சக் காலமாகவே தொடரும். அது எங்கிருந்து தொடங்கியது என்று காட்டப் பழைய வரி வேண்டும். தணிக்கையில் பழைய பில்லில் உள்ள எண் எங்கே என்று கேட்பார்கள், அதற்கும் வேண்டும்.

‘வாழ்நாள் வாரண்டி’ என்பதற்கு ஒரு முடிவு இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. 2960-எக்ஸ் வாழ்நாள் வாரண்டியோடு வந்த மாடல். விதியைப் படித்தால், வாங்கியவர் வைத்திருக்கும்வரை என்று தொடங்கி, கம்பெனி அந்தப் பொருளை நிறுத்தப்போவதாக அறிவித்தால் அறிவித்த நாளிலிருந்து ஐந்து ஆண்டு வரை மட்டும் என்று முடிகிறது. ஆக, வாழ்நாள் வாரண்டி உள்ள ஸ்விட்சுக்கு வாரண்டித் தேதியை நிர்ணயிப்பது பில் அல்ல, எண்ட் ஆஃப் லைஃப் அறிவிப்பு.

அந்த அறிவிப்பைத்தான் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். இது ஒரு தேதி அல்ல, ஏழெட்டுத் தேதி உள்ள அட்டவணை. எல்லாவற்றையும் ஷீட்டில் ஏற்றினால் யாரும் படிக்கமாட்டார்கள். நாங்கள் நான்கை மட்டும் எடுத்தோம்.

முதலாவது அறிவித்த நாள், மேலே சொன்ன வாழ்நாள் வாரண்டிக்காக. இரண்டாவது எண்ட் ஆஃப் சேல், கம்பெனியிடம் ஆர்டர் போடக் கடைசி நாள். அதே மாடலில் உபரி ஒன்றிரண்டு வாங்கி வைக்க நினைத்தால் இதற்குள் முடிக்க வேண்டும், பிறகு கிடைப்பது பெரும்பாலும் கை மாறிய சரக்குதான். நான்காவது லாஸ்ட் டேட் ஆஃப் சப்போர்ட். அதற்குப் பிறகு உதிரியும் இல்லை, உதவியும் இல்லை. சிஸ்கோவின் பொது விதிப்படி ஹார்ட்வேருக்கு இது எண்ட் ஆஃப் சேலிலிருந்து ஐந்து ஆண்டு. பாதுகாப்புத் திருத்தங்கள் இதற்கும் முன்பே நின்றுவிடுவது வழக்கம் என்பதால், மென்பொருள் பற்றிய வரியையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவதை வேண்டுமென்றே தள்ளி வைத்தேன். அதன் பெயர் எண்ட் ஆஃப் நியூ சர்வீஸ் அட்டாச்மென்ட். சர்வீஸ் ஒப்பந்தம் இல்லாத ஒரு ஸ்விட்சுக்குப் புதிதாக ஒப்பந்தம் போடக் கடைசி நாள் அது. வழக்கமாக எண்ட் ஆஃப் சேலுக்கு ஒரு வருடம் கழித்து வரும். எல்லோருடைய கண்ணும் கடைசித் தேதியைத்தான் பார்க்கும், ‘இன்னும் நாலு வருஷம் இருக்கே’ என்பார்கள். அந்த நாலு வருடமும் ஏற்கெனவே ஒப்பந்தம் உள்ளவர்களுக்கு. பணத்தை மிச்சம் பிடிக்க ஒப்பந்தத்தை ஒரு வருடம் விட்டுவிட்டு அடுத்த வருடம் போட்டுக்கொள்ளலாம் என்று நிர்வாகத்தில் யாராவது சொன்னால், இந்தத் தேதி தாண்டிவிட்டதா என்று பார்த்துவிட்டுத்தான் தலையாட்ட வேண்டும். தாண்டியிருந்தால் அந்த ஸ்விட்சுக்கு மறுபடி ஒப்பந்தம் கிடைக்காது. ஸ்டோர்ஸ் அலமாரியில் ஒப்பந்தமில்லாமல் தூங்கும் உபரிக்கும் இதே விதி.

இதையெல்லாம் 2960-எக்ஸுக்குப் போட்டுப் பார்த்த கதையைச் சொல்கிறேன். அறிவிப்பு 2021-இல். எண்ட் ஆஃப் சேல் 2022 அக்டோபர் 31. லாஸ்ட் டேட் ஆஃப் சப்போர்ட் 2027 அக்டோபர் 31. அறிவித்ததிலிருந்து ஐந்து ஆண்டு என்றால் வாழ்நாள் வாரண்டி 2026-இல் முடிகிறது. அதாவது ஒப்பந்தம் இல்லாத ஸ்விட்சுக்குக் கடைசி ஒரு வருடம் எந்தத் துணையும் கிடையாது. எங்களிடம் விடுதி ஸ்விட்சுகளுக்கு ஒப்பந்தம் இல்லை, நிர்வாக பிளாக்குக்கும் தேர்வுப் பிரிவுக்கும் மட்டும் உண்டு. ஆக, ஒரே மாடலுக்கு எங்கள் ஷீட்டில் இரண்டு வேறு முடிவு.

சரி, 2027 அக்டோபர் என்றால் 2027-இல் வாங்கினால் போதுமா? பின்னோக்கிப் போய்ப் பார்ப்போம். மாணவர்கள் இருக்கும்போது விடுதியிலும் ஆய்வகத்திலும் ஸ்விட்ச் மாற்ற முடியாது. விடுமுறை மே, ஜூனில். ஆக, 2027 மே மாதம் மாற்ற வேண்டும். அதற்கு ஏப்ரலில் சரக்கு ஸ்டோர்ஸில் இருக்க வேண்டும். ஆர்டர் போட்டு வந்து சேர இரண்டு மூன்று மாதம் என்றால், 2027 ஜனவரியில் ஆர்டர். அந்த ஆர்டருக்கான பணம் 2026 ஏப்ரலில் தொடங்கும் நிதியாண்டில் ஒதுக்கப்பட்டிருக்க வேண்டும். எங்கள் கல்லூரியில் அடுத்த நிதியாண்டுக்கான பட்ஜெட் கோரிக்கை ஜனவரியில் கொடுப்போம். ஆகவே கோரிக்கை போக வேண்டியது 2026 ஜனவரி. அறிவிப்பில் உள்ள கடைசி நாளுக்கு இருபத்தொரு மாதம் முன்னால்.

இந்தக் கணக்கைப் போட்ட பிறகு ஷீட்டில் ‘பணம் கேட்க வேண்டிய மாதம்’ என்று ஒரு நெடுவரிசை சேர்த்தோம். நிர்வாகக் கூட்டத்துக்கு அந்த ஒரு நெடுவரிசையை வரிசைப்படுத்தி எடுத்துப் போனால் போதும். மற்ற தேதிகளைப் பற்றி யாரும் கேட்பதில்லை. “ஓடிட்டுத்தானே இருக்கு?” என்ற கேள்வி மட்டும் தவறாமல் வரும். நியாயமான கேள்விதான், கடைசி நாளுக்கு மறுநாள் ஸ்விட்ச் நின்றுவிடாது. அதனால் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்ற நாங்கள் கேட்கவில்லை. தேர்வுப் பிரிவு, நிர்வாகம், விடுதியின் மேல்நிலை ஸ்விட்சுகள் முதலில். வெளியுலகத் தொடர்பே இல்லாத ஆய்வக ஸ்விட்சுகள் கடைசியில். முதலில் கழற்றியவற்றில் நல்லவை, கடைசியில் மாறப்போகிறவற்றுக்கு உபரி. எந்த ஸ்விட்ச் எந்தக் குழு என்பதும் ஒரு நெடுவரிசைதான்.

அறிவிப்பு சீரியல் எண்ணுக்கு வருவதில்லை, மாடலுக்கு வருகிறது. ஆகவே தேதிகளை அறுபது வரியிலும் தட்டச்சு செய்யாதீர்கள். தனியாக மாடல் ஷீட் ஒன்று வைத்து, மாடல் குறியீட்டுக்கு ஒரு வரி, அதில் இந்த நான்கு தேதி. ஸ்விட்ச் ஷீட் அங்கிருந்து எடுத்துக்கொள்ளும்:

```
=VLOOKUP(B2, model!A:F, 5, FALSE)
```

கடைசியில் உள்ள `FALSE` முக்கியம். அது இல்லையென்றால் எக்செல் ‘கிட்டத்தட்டப் பொருந்தும்’ மாடலின் தேதியைக் கொண்டுவந்து நிறுத்தும். ஸ்விட்ச் மாடல்களில் கிட்டத்தட்ட என்பதே ஆபத்து. எங்கள் டெக்னீஷியன்களுக்கு எல்லாமே ‘ட்வென்டி நைன் சிக்ஸ்டி’தான். ஆனால் 2960, 2960-எஸ், 2960-எக்ஸ், 2960-எல் எல்லாம் வேறு வேறு தலைமுறை, வேறு வேறு அறிவிப்பு. `WS-C2960X-24TS-L` என்பதும் `WS-C2960X-24TS-LL` என்பதும்கூட இரண்டு பொருள். ஆகவே மாடல் நெடுவரிசையில் பேச்சுப் பெயருக்கு இடமில்லை, `show inventory` காட்டும் குறியீடு எழுத்து மாறாமல் இருக்க வேண்டும். மாடல் ஷீட்டில் இல்லாத குறியீடு வந்தால் சூத்திரம் `#N/A` என்று காட்டும். அதை மறைக்காதீர்கள். அந்த மாடலை இன்னும் யாரும் பார்க்கவில்லை என்று அது சொல்கிறது.

இதே காரணத்துக்காகத்தான் காலியான கட்டம் எனக்குப் பிடிப்பதில்லை. எண்ட் ஆஃப் லைஃப் கட்டம் காலியாக இருந்தால், அறிவிப்பு இன்னும் வரவில்லை என்று பொருளா, நாம் பார்க்கவில்லை என்று பொருளா? இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாத ஷீட்டை வைத்துக்கொண்டு பட்ஜெட் போட முடியாது. எங்கள் மாடல் ஷீட்டில் ‘பார்த்த நாள்’ என்று ஒரு நெடுவரிசை கட்டாயம். அறிவிப்பு இல்லையென்றால் ‘இல்லை’ என்று எழுதி, பார்த்த நாளையும் எழுத வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்த நாள் பழசான மாடல்களை மட்டும் மறுபடி பார்க்கிறோம். அறுபது ஸ்விட்சுக்கு எங்களிடம் மாடல்கள் பத்துப் பன்னிரண்டுதான், ஒரு காலைப் பொழுது போதும். கம்பெனிகளின் தளத்தில் மெயில் அறிவிப்புக்கும் பதிந்துகொள்ளலாம். தனிநபர் மெயிலில் பதியாமல் துறைக்கான பொது மெயிலில் பதியுங்கள். ஆள் வேலையை விட்டுப் போனால் அறிவிப்பும் அவரோடு போய்விடும்.

ஷீட் எவ்வளவு கச்சிதமாக இருந்தாலும் ராக்கில் நடப்பது வேறு. ராத்திரி விடுதியில் ஒரு ஸ்விட்ச் போனால், கையில் கிடைத்த வேறு ஸ்விட்சை மாட்டிவிட்டு வருவார்கள், அதுதான் சரியும்கூட. அதை மறுநாள் ஷீட்டில் எழுதச் சொல்லி அலுத்துப்போய், ஸ்விட்சுகளையே மாதம் ஒருமுறை கேட்க வைத்துவிட்டேன். பெரும்பாலான மேனேஜ்டு ஸ்விட்சுகள், எந்தக் கம்பெனியாக இருந்தாலும், எஸ்என்எம்பி வழியாகத் தம் சீரியல் எண்ணைச் சொல்லும்:

```
snmpwalk -v2c -c COMMUNITY 10.10.5.2 1.3.6.1.2.1.47.1.1.1.1.11
```

இது பவர் சப்ளை, ஃபைபர் மாட்யூல் எண்களையும் சேர்த்துத் தரும். கடைசி 11-க்குப் பதில் 5 என்று கேட்டால் ஒவ்வொன்றின் வகை வரும், அதில் 3 என்று வருவதுதான் ஸ்விட்சின் உடல். அந்த எண்களை மட்டும் பிரித்து ஷீட்டோடு ஒப்பிடுகிறோம். ஷீட்டில் உள்ள ஓர் எண் வேறு ஐபியில் இருந்து பேசினால், இடம் மாறியிருக்கிறது, திருத்திவிட்டால் முடிந்தது. ஷீட்டில் இல்லாத எண் பேசினால், ஏதோ ஒரு துறை தன் ப்ராஜெக்ட் பணத்தில் தானாக வாங்கி மாட்டியிருக்கிறது, பில்லைக் கேட்டு வாங்க வேண்டும். ஷீட்டில் இருந்தும் பேசாத எண்தான் சிக்கலானது. ஒருமுறை அப்படி ஒன்றைத் தேடி டெக்னீஷியனிடம் கேட்டால், “அது போன வருஷமே ஸ்டோர்ஸ்ல போட்டாச்சுங்க சார்” என்றார். ஸ்டோர்ஸில் கேட்டால் வரவே இல்லை என்றார்கள். கடைசியில் ஓர் ஆய்வகத்தில் மேஜைக்கடியில், மின்சாரம் இல்லாமல், கால் வைக்கும் பலகையாகக் கிடந்தது. வாரண்டி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

சாதா ஸ்விட்சுகள் இந்தச் சோதனையில் அகப்படாது. ஒரு கணினிக்கு மட்டும் கொடுத்த போர்ட்டில் `show mac address-table interface` பார்த்தால் பத்துப் பதினைந்து மேக் முகவரி தெரிகிறதா, அங்கே ஏதோ ஒரு குட்டி ஸ்விட்ச் உட்கார்ந்திருக்கிறது. போய்ப் பார்த்து லேபிளைப் படம் எடுத்துக்கொண்டு வர வேண்டியதுதான்.

இப்போது வாங்கும் ஸ்விட்சுகளுக்கு இன்னொரு தேதியும் சேர்ந்திருக்கிறது. 2960-எக்ஸுக்குப் பதிலாகக் கம்பெனி காட்டிய கேட்டலிஸ்ட் 9200-எல் போன்றவற்றை வாங்கும்போது, மூன்று ஆண்டு, ஐந்து ஆண்டு என்று காலம் குறித்த மென்பொருள் லைசென்ஸும் ஆர்டரிலேயே சேர்ந்து வருகிறது. அது வாரண்டியோடும் முடியாது, சர்வீஸ் ஒப்பந்தத்தோடும் முடியாது. அதற்குத் தனி நெடுவரிசை போட்டுவிட்டோம்.

கழித்துக் கட்டிய ஸ்விட்சின் வரியையும் அழிப்பதில்லை. வெளியே போகும் முன் `write erase` கொடுத்து, `delete flash:vlan.dat` கொடுத்து, பாஸ்வேர்டும் நெட்வொர்க் அமைப்பும் பழைய இரும்போடு போகாமல் பார்த்துக்கொள்கிறோம். 2023 ஏப்ரலிலிருந்து நடைமுறையில் உள்ள மின்கழிவு விதிகளின்படி, எங்களைப் போன்ற பெரிய நிறுவனங்கள் பதிவு பெற்ற உற்பத்தியாளர், புதுப்பிப்பவர் அல்லது மறுசுழற்சியாளரிடம்தான் கொடுக்க வேண்டும். அவர்கள் தரும் சான்றிதழில் எடையும் எண்ணிக்கையும்தான் இருக்கும். நாங்கள் சீரியல் எண் பட்டியல் ஒன்றை அச்சிட்டு அதில் அவர்கள் முத்திரையையும் வாங்கி, சான்றிதழ் எண்ணை அந்தந்த வரியில் ஏற்றிவிடுகிறோம். ஸ்டாக் ரெஜிஸ்டரில் பெயரடிக்க ஸ்டோர்ஸ் கேட்பதும் அந்தக் காகிதத்தைத்தான்.